ஆறு வயதுக்கு டியூஷன் தேவையா?

ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை கற்கவேண்டியதை எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வராது. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவது, படித்தது என்னவென்று புரிந்துகொள்வது, பொருள்களைத் தவறாமல் எண்ணுவது, இரண்டு குவியல்களைச் சேர்த்தால் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது, பென்சிலைப் பிடித்து வரிக்குள் எழுதுவது. ஏறக்குறைய இவ்வளவுதான். இவ்வளவுதானே என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியும் பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறினால் கவலை வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போவது கண்ணில் படுகிறது. மறுநாளே பை தோளில் ஏறிவிடுகிறது.

அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அதற்கான மருந்து பெரும்பாலும் டியூஷன் இல்லை. ஏன் என்று தெரியவேண்டுமானால், எழுத்துக்கூட்டும் அந்தக் குழந்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

தமிழில் 247 எழுத்துகள் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை 247 உருவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. 12 உயிர், 18 மெய், ஆய்தம், அவற்றோடு கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் ஆகியவற்றைக் கற்று, இந்த எழுத்தோடு இந்தக் குறி சேர்ந்தால் இந்த ஒலி என்ற கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ‘கா’வில் குறி எழுத்துக்குப் பின்னால் வருகிறது, ஒலியும் பின்னால் வருகிறது. ‘கே’யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கோ’வில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. உகர, ஊகார வரிசைகளில் எல்லா எழுத்துக்கும் பொதுவான குறியே இல்லை: கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைகிறது. இந்த 36 எழுத்துகளையும் கண்ணால் பலமுறை கண்டு பழகவேண்டும், வேறு வழியில்லை.

இதற்கு மேல் இன்னொரு நுட்பம் உண்டு. பெரியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. ‘பம்பரம்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். முதலில் வரும் ‘ப’வும் நடுவில் வரும் ‘ப’வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழில் வல்லின எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்பது விதி. எந்த ஆறு வயதுக் குழந்தையும் இந்த விதியைப் படித்துவிட்டு வாசிப்பதில்லை. ‘ப-ம்-ப-ர-ம்’ என்று எழுத்துக்கூட்டிவிட்டு, அந்த ஒலிக்கு அருகில் தனக்குத் தெரிந்த சொல் எது என்று தேடுகிறது. பம்பரம் விட்டிருந்தால், அல்லது அந்தச் சொல்லைக் காதால் கேட்டிருந்தால், சட்டென்று சரியான ஒலிக்குத் தாவிவிடும். கேட்டதே இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். வாசிப்பில் பாதி எழுத்தறிவு. மறுபாதி காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் மொழி. வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் இதையே ஒரு எளிய கோட்பாடாக வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கி வருவதே வாசிப்பு என்றார்கள். பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்.

தமிழ்க் குழந்தைக்குக் கேட்கும் மொழியும் எழுதும் மொழியும் வேறு வேறு என்பதால் இந்த இரண்டாம் பாதி இன்னும் கனமாகிறது. வீட்டில் ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று கேட்டு வளரும் குழந்தை, புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லைச் சந்திக்கிறது. அதில் 13 எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசி ‘ள்’ வரும்போது முதலில் வந்த ‘வ’ மறந்திருக்கும். இதே சொல்லைக் கதைகளில் ஐம்பது முறை கேட்ட குழந்தைக்கு ‘வந்துகொ’ வரை வந்தாலே போதும், மீதி தானாக வாயில் வந்துவிடும். முதல் குழந்தை மந்தமும் இல்லை, இரண்டாவது மேதையும் இல்லை. ஒன்றுக்கு எழுத்து மொழி காதில் விழுந்திருக்கிறது, மற்றதற்கு விழவில்லை.

இவ்வளவும் கைவர ஓராண்டு போதாது. தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னட எழுத்தைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று சோனாலி நாக் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். ஆங்கில அகரவரிசையைப் போல் முதல் வகுப்போடு முடியாமல், எழுத்துத் தொகுதியைக் கற்பது தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரை நீள்கிறது என்று அதில் தெரிந்தது. கற்றுக்கொடுப்பவர்களும் இதை அறிந்தே திட்டமிட்டிருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தளப் பருவம் என்று வகுத்தது. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்கிறது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், எந்த நிலையில் இருக்கிறார்களோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கிறது. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் சரளமாக வாசித்துவிடவேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பே அல்ல. வீடுகள்தான் அப்படி எதிர்பார்க்கின்றன.

முந்தித் தொடங்கினால் முந்தி நிற்கும் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு வகைப் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரு வகையினர் சுமார் 5 வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கியவர்கள், மற்றவர்கள் சுமார் 7 வயதில். முதலில் பெரிய இடைவெளி இருந்தது. 11 வயதை ஒட்டி அது மறைந்துவிட்டது. பள்ளியில் பாடம் நடத்தவேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஏழு வயதுப் பிள்ளைகள் அதுவரை கதையும் பாட்டும் பேச்சும் நிறைந்த வகுப்புகளில்தான் இருந்தார்கள். ஆறு வயதில் தெரியும் இடைவெளியைப் பார்த்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கக்கூடாது என்பதற்கு இது சான்று.

இனி டியூஷனில் நடப்பதைப் பார்க்கலாம். நடுத்தர ஊரில் வழக்கமான ஒரு மாலை டியூஷனில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் 15 பேர், ஓர் ஆசிரியை, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 120 நிமிடத்தை 15ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 8 நிமிடம். மற்ற 112 நிமிடமும் அது தானாகச் செய்யக்கூடிய எதையாவது செய்யவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை ஆள் துணையின்றி அமைதியாகச் செய்யக்கூடியது பார்த்து எழுதுவது ஒன்றுதான். ஆகவே ஐந்து முறை, பத்து முறை எழுதுகிறது. கேள்வி பதிலை மனப்பாடம் செய்கிறது. நோட்டு நிறைகிறது, பெற்றோருக்குக் காட்ட ஏதோ இருக்கிறது. ஆசிரியையின் அக்கறையில் குறை சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டில் அதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது.

பார்த்து எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்தின் ஒலி தெரியாமலே, ஓவியம் தீட்டுவதுபோல் அதன் உருவத்தைப் பெயர்க்க முடியும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையும் விரலை வரியில் ஓட்டிக்கொண்டே ‘படிக்கும்’. அது வாசிக்கிறதா ஒப்பிக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்கவேண்டும். பிறகு அதே எழுத்துகளை இடம் மாற்றி, பொருளே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டவேண்டும். ‘மரம்’ படித்த பிள்ளைக்கு ‘ரமம்’. ஒலி தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே படித்துவிடும். ஒப்பிக்கும் பிள்ளை ‘மரம்’ என்றே சொல்லும், அல்லது முகத்தைப் பார்க்கும். மாதக்கணக்கில் டியூஷன் போன பிள்ளை இந்தச் சிறு சோதனையில் நின்றுவிட்டால், அந்த மணி நேரங்கள் எங்கே போயின என்று புரிந்துவிடும்.

வீட்டுப்பாடத்தை முடிக்கத்தான் டியூஷன் என்று பலர் சொல்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய அரசும் இந்த இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டுப்பாடச் சுமையால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை டியூஷன் போகிறது என்றால், பேசவேண்டிய இடம் பள்ளி.

டியூஷன் எதைக் கொடுக்கிறது என்பதைவிட எதை எடுத்துக்கொள்கிறது என்பது பெரிய கேள்வி. காலை ஆறரைக்கு எழுந்து, எட்டு மணிக்கு வேன் ஏறி, மாலை நாலரைக்கு வீடு திரும்பும் ஒரு பிள்ளை ஐந்தரைக்கு டியூஷன் போய் ஏழரைக்குத் திரும்புகிறது. சாப்பிட்டு, கொஞ்ச நேரம் டி.வி. பார்த்துப் படுக்கும்போது மணி பத்து. எட்டரை மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. அன்று கற்றது மனதில் படிவது பெருமளவு தூக்கத்தில்தான். ஓடியாட நேரமில்லை. அதைவிட, வீட்டில் பெரியவரோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. நாலரையிலிருந்து பத்து வரையிலான அந்த நேரத்தில்தான் காதுக்கு மொழி சேரவேண்டும். டியூஷன் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தெழுதும் பயிற்சியைத் தருகிறது. வாசிப்பின் எந்தப் பாதியில் குறை இருக்கிறதோ அதற்கே நேரம் இல்லாமல் போகிறது.

அப்படியானால் உதவுவது எது? முதலாவது, நாள்தோறும் கால் மணி நேரம் ஒரு பெரியவர் குழந்தைக்குக் கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. ஆண்டில் 300 நாள் என்றால் 75 மணி நேரம். ஒருவருக்கு ஒருவர் என்ற இந்த 75 மணி நேரக் கவனத்தை எந்த டியூஷனும் தராது.

வாசிக்கும்போது எழுத்து நடையிலேயே வாசிக்கவேண்டும், பேச்சுக்கு மாற்றிச் சொல்லக்கூடாது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்றே காதில் விழவேண்டும். புரியாத இடத்தில் மட்டும் நிறுத்திப் பேச்சில் விளக்கினால் போதும். விரலை வரியின் அடியில் மெதுவாக நகர்த்தினால், கேட்கும் ஒலியும் பார்க்கும் எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கும். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை அந்தச் சொற்களைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கிறது. நாலாவது ஐந்தாவது முறையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியை அதுவே சொல்லும். அடுத்த வாரம் அந்த மீதியை விரல் வைத்துப் படிக்கச் சொல்லலாம். ‘இது என்ன படம்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிராமல், ‘இந்த ஆடு ஏன் பயந்தது?’, ‘நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் பேச்சு ஒற்றைச் சொல்லில் முடியாது.

பிள்ளை தானாகப் படிக்கும்போது தடுமாறினால் உடனே சொல்லைக் கொடுத்துவிடுவதும், அதட்டுவதும் இரண்டுமே பயன் தராது. மூன்று நான்கு நொடி பொறுத்து, முதல் எழுத்தின் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். பெரியவர் வாசிக்கும் புத்தகமாக அதை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எளியதாக வேறொன்று எடுக்கவேண்டும். தூளிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் ஆகியவை ஆறு வயதுக்கேற்ற தமிழ்ப் படக்கதைகளை வெளியிட்டிருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் காசில்லாமலே வாசிக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு. வாயால் சொல்லும் கதையும் விடுகதையும் சொல் சேர்க்கும், காரணகாரியத்தோடு ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து பின்பற்றக் கற்றுக்கொடுக்கும். ‘நுங்கு, சங்கு, பங்கு’ என்று ஒலி ஒத்த சொற்களைச் சொல்லும் விளையாட்டும், ‘வாழைப்பழத்தில் ழ எங்கே இருக்கிறது?’ என்று தேடும் விளையாட்டும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பழக்குகின்றன. இந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு எழுதினாலும் ஒட்டாது.

பிள்ளை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறது, வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது, ஆகவே டியூஷன் விட்டால் வழியில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனின் பெரும்பகுதி எந்த மொழிக்கும் பொதுவானது. ஒரு கதையில் முன்னால் நடந்ததையும் பின்னால் நடப்பதையும் சேர்த்துப் பார்ப்பது, ‘ஏனென்றால்’ என்பதன் பொருளை உணர்வது, ஒரு சொல்லுக்குள் ஒலிகளைப் பிரித்துக் கேட்பது ஆகியவற்றைத் தமிழில் கற்ற பிள்ளை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும். வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவதைவிட நிறைவான தமிழில் பேசுவது அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கே நல்லது.

கணக்கிலும் இதே கதைதான். ஆறு வயதுப் பிள்ளை ‘ஒன்று, இரண்டு’ என்று நூறு வரை பாடிவிடும். எண்களின் வரிசை தெரிவது வேறு, அளவு தெரிவது வேறு. அதைப் பார்க்க 13 புளியங்கொட்டைகள் போதும். எண்ணச் சொல்லவேண்டும். எண்ணி முடித்ததும் கொட்டைகளைக் கலைத்துவிட்டு ‘இப்போது எத்தனை?’ என்று கேட்கவேண்டும். மறுபடி எண்ணத் தொடங்கினால், கலைத்தாலும் அளவு மாறாது என்பது இன்னும் உறுதிப்படவில்லை என்று பொருள். அடுத்து 8 கொட்டைகளை ஒரு பக்கமும் 5 கொட்டைகளை ஒரு பக்கமும் வைத்துச் சேர்க்கச் சொன்னால், தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். சில மாதம் கழித்து 8ஐ மனதில் வைத்துக்கொண்டு ‘ஒன்பது, பத்து’ என்று தொடரும். அதற்கும் பிறகு 5இலிருந்து 2ஐ எடுத்து 8ஐப் பத்தாக்கி, மீதி 3 என்று பார்க்கும். இந்த மூன்று படிகளையும் பிள்ளை தன் கையாலேயே கடக்கவேண்டும். ‘எட்டும் அஞ்சும் பதிமூணு’ என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று நோட்டைப் பார்த்துத் தெரியாது. கொட்டையைக் கொடுத்தால் தெரியும்.

இதற்கு நல்ல கருவி வீட்டில் கிடக்கும் பரமபதம் அட்டை. எண் வரிசையிட்ட அட்டை விளையாட்டை ஆடிய சிறு பிள்ளைகளுக்கு எண்ணின் அளவைப் பற்றிய உணர்வு கூடுகிறது என்று ராபர்ட் சீக்லரும் கீதா ராமானியும் 2008இல் காட்டினார்கள். கால் மணி நேரமாக நான்கு அமர்வுகள், இரண்டு வாரம், அவ்வளவுதான் ஆடினார்கள். 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் நூறு கட்டம் வரை உள்ள அட்டையில் சோதித்தபோது நுட்பமான ஒன்று தெரியவந்தது. காயை நகர்த்தும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று தாயத்தில் விழுந்த எண்ணைச் சொன்ன பிள்ளைகள் பெரிதாக எதுவும் கற்கவில்லை. காய் நிற்கும் கட்டத்தின் எண்ணிலிருந்து தொடர்ந்து சொன்னவர்கள் கற்றார்கள். காய் 27இல் இருக்கிறது, விழுந்தது 5 என்றால் ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு’ என்று சொல்லிக்கொண்டே நகர்த்தவேண்டும். வீட்டில் பரமபதம் ஆடும்போது இந்த ஒரு மாற்றம் செய்தாலே அது கணக்குப் பாடமாகிவிடும்.

தமிழ் எண்ணுப்பெயர்களும் இதற்குக் கைகொடுக்கின்றன. ‘பதினான்கு’ என்ற சொல்லிலேயே பத்தும் நான்கும் எழுதும் வரிசையில் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஃபோர்ட்டீன்’ நான்கை முன்னால் சொல்கிறது. அதனால்தான் ஆங்கில வழிப் பிள்ளைகள் சிலர் 14ஐ 41 என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது திட்டாமல் ‘பதினான்கு, பத்தும் நான்கும்’ என்று தமிழில் சொல்லி, பத்துக் கொட்டையை ஒரு குவியலாகவும் நான்கைத் தனியாகவும் வைத்தால் குழப்பம் தீரும். சந்தையில் எடை பார்ப்பது, சில்லறை எண்ணுவது, இட்லியைத் தட்டுகளுக்குச் சமமாகப் பங்கிடுவது, பல்லாங்குழியில் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொன்றாக முத்துப் போடுவது எல்லாமே ஆறு வயதுக் கணக்குதான்.

எழுத்தின் அழகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. விரல்கள் உறுதிப்பட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். பூத் தொடுப்பது, மாவு பிசைவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, கோலப் புள்ளிகளை இணைப்பது ஆகியவை பென்சில் பிடிக்கும் கைக்குப் பத்து முறை எழுதுவதைவிட நல்ல பயிற்சி.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதும் என்று சொல்லிவிட முடியாது. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கூடுதல் உதவி வேண்டும். அந்த உதவி பெரும்பாலும் டியூஷனில் கிடைக்காது. புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்ப்பது, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்த்துப் படிப்பது தெரிந்தால் கண் பரிசோதனை வேண்டும். அழைத்தால் திரும்பாமல் இருப்பது, டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, காதில் அடிக்கடி சீழ் வடிவது இருந்தால் செவித்திறனைச் சோதிக்கவேண்டும். ‘ப’வுக்கும் ‘வ’வுக்கும் ஒலி வேறுபாடு காதில் சரியாக விழாத பிள்ளையை இரண்டு மணி நேரம் எழுதவைப்பது கொடுமை. வெளிறிய முகமும் சீக்கிரம் சோர்வதும் இரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் இருக்கிறார்.

கண்ணும் காதும் நன்றாக இருந்து, பள்ளிக்கு ஒழுங்காகப் போய், வீட்டில் ஆறு மாதம் வாசித்துக் காட்டியும், பத்துப் பதினைந்து எழுத்துகளின் ஒலிகூட நிலைக்கவில்லை, நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோகிறது, சொல்லைக் கைதட்டிப் பிரிக்க வரவில்லை, குடும்பத்தில் வேறொருவருக்கும் இதே தொல்லை இருந்தது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். பொதுவாக 7, 8 வயதை ஒட்டித்தான் இதை உறுதி செய்கிறார்கள். அதுவரை காத்திராமல் சிறப்பாசிரியரிடம் காட்டலாம். அவர்கள் கற்பிக்கும் முறையே வேறு: ஒலியில் தொடங்கி, தொட்டும் பார்த்தும் கேட்டும், ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது. நோய், இடமாற்றம் காரணமாகப் பல வாரம் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் விட்டுப்போன பகுதியை மட்டும் குறுகிய காலத்துக்குச் சொல்லிக்கொடுப்பது நியாயமான உதவிதான்.

தாயும் தந்தையும் வேலை முடிந்து இரவு ஏழுக்கு மேல் திரும்பும் வீடுகளுக்கு டியூஷன் என்பது பாடத்துக்காக அல்ல, பிள்ளையைப் பாதுகாப்பாக விட ஓர் இடத்துக்காக. அந்தத் தேவை உண்மையானது, அதில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அங்கே என்ன கேட்டுப் பெறுவது என்பது பெற்றோர் கையில் இருக்கிறது. முதல் அரை மணி நேரம் விளையாட விடுங்கள், பத்து முறை எழுத வைக்காதீர்கள், ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லலாம். ஒரு கதைப் புத்தகத்தையும் ஒரு பரமபத அட்டையையும் பையில் வைத்து அனுப்பலாம். தூங்கப்போகும் முன் பத்து நிமிடக் கதைக்கு அந்த வீட்டிலும் இடம் உண்டு.

டியூஷனில் சேர்ப்பதற்கு முன் செய்யவேண்டியது வகுப்பாசிரியரைச் சந்திப்பது. ‘நல்லா படிக்கிறானா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும். எந்த எழுத்துகள் இன்னும் வரவில்லை, எந்தக் குறியில் தடுமாறுகிறான், தெரியாத சொல்லைக் கூட்டிப் படிக்கிறானா, எதுவரை பொருள்களை எண்ணுகிறான், சொன்னதைக் கேட்டுச் செய்கிறானா என்று கேட்கவேண்டும். அரசுப் பள்ளி என்றால் அரும்பு, மொட்டு, மலரில் எந்த நிலை, மூன்று மாதத்துக்கு முன் எந்த நிலை என்றும் கேட்கலாம். ‘கொம்பு போட்ட எழுத்துகளில் மட்டும் குழப்பம்’ என்று ஆசிரியர் சொன்னால், கெ, கே, கை உள்ள பத்துச் சொற்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் படித்துக் காட்டினால் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு, அதே புளியங்கொட்டையையும் பொருளில்லாத சொல்லையும் வைத்து மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு டியூஷனைப் பற்றி முடிவெடுக்குமாறு ஒன்றாம் வகுப்புப் பெற்றோரைக் கேட்டுக்கொள்ளலாம்.